உங்கள் வீட்டு டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்குகிறது, தெரியுமா?

பூச்சோங் பெர்டானாவில் என் அத்தை வீடு. வரிசையாய் ஒட்டிக்கொண்டு நிற்கும் லிங்க் வீடுகளில் ஒன்று. ஜன்னல் முன்னால் உண்டு, பின்னால் உண்டு, நடுவில் கிடையாது! ஹாலின் நடுப்பகுதி பகலிலேயே மங்கல். இரவில் கேட்கவே வேண்டாம்: கூரையில் ஒரே ஒரு டியூப் லைட், மலாய்க்காரர்கள் சொல்லும் கலிமந்தாங். அங்கேதான் அத்தையின் பேரனுக்கு முதல் பிறந்தநாள். மேசையில் கேக், கேக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி. "லைட்ட அடைங்க!" என்று யாரோ கத்த, நான் புது போனைத் தூக்கிப் பிடித்தேன்.

வந்த வீடியோ எப்படி இருந்தது தெரியுமா? லைட் எரிந்தவரை படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன! லைட்டை அணைத்ததும் குழந்தையின் முகம் வெளுத்தது, கறுத்தது, மறுபடி வெளுத்தது! அத்தையைக் காணவே காணோம்! அத்தனையும் ஒருவிதமாய் விதிர்விதிர்த்துக்கொண்டிருந்தது. "என்னாடா இது, பூகம்பமா?" என்றார் மாமா.

கை நடுங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறீர்களா? பாதிகூட இல்லை!

விளக்கும் துடிக்கும், தெரியுமா?

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் 50 தடவை இந்தப் பக்கமும் 50 தடவை அந்தப் பக்கமும் பாய்கிறது. எந்தப் பக்கம் பாய்ந்தாலும் விளக்கு எரியும். திசை மாறும் கணத்தில் மங்கும். ஆக, நொடிக்கு 100 துடிப்பு! நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கேமராவுக்குத் தெரியும்!

நம்பவில்லையா? இன்று இரவே பாருங்கள். போனில் ஸ்லோ மோஷனை 240 fps-இல் வைத்து, டியூப் லைட்டை ஐந்து நொடி எடுங்கள். எட்டு மடங்கு மெதுவாக ஓடும்போது அதே துடிப்பு நொடிக்கு 12 தடவைக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். விளக்கு படபடவென்று அடித்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்! சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய டியூப் லைட் என்றால் ஆட்டம் பலமாக இருக்கும். மலிவான எல்இடி பல்புகளில் சிலவும் இப்படித்தான். எலெக்ட்ரானிக் சோக் போட்ட விளக்கோ நொடிக்குப் பல்லாயிரம் தடவை துடிப்பதால் ஸ்லோ மோஷனிலும் ஆடாமல் நிற்கும். எந்த அறையில் படம் எடுக்கப் போகிறீர்களோ அந்த அறை விளக்குக்கு முதலில் இந்தப் பரீட்சையை வையுங்கள். அரை நிமிட வேலை!

ஒரே நாட்டில் இரண்டு மின்சாரம் ஓடுகிறது, தெரியுமா?

ஜப்பானில்! டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஊர் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, இன்னொரு ஊர் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. அந்தப் பிளவு இன்றுவரை தீரவில்லை!

இதற்கும் பூச்சோங் பிறந்தநாளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பழைய தொலைக்காட்சி நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் வளர்ந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சியும் நொடிக்கு 25 படம். ஆனால் நம் கையில் இருக்கும் போன்கள் பெரும்பாலும் 30 fps என்றே பிறந்து வருகின்றன. போன் அமெரிக்கக் கணக்குப் போடுகிறது, விளக்கு பூச்சோங் கணக்குப் போடுகிறது!

கொஞ்சம் வகுத்துப் பார்ப்போமா? 100 துடிப்பை 30 படத்துக்குப் பங்கு போட்டால் ஒரு படத்துக்கு 3.33 துடிப்பு. மிச்சம் விழுகிறது! அந்த மிச்சத்தால் பட்டை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழும். ஓட்டிப் பார்த்தால் ஊர்கிறது. 25 படத்துக்குப் பங்கு போடுங்கள். சரியாக 4! மிச்சமே இல்லை. பட்டை விழுந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றுவிடும்.

அது ஏன் பட்டையாக விழ வேண்டும் என்று யோசித்தீர்களா? போனின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. ஓலைச்சுவடி படிப்பதுபோல வரி வரியாக, மேலிருந்து கீழாக வாசிக்கிறது! விளக்கு பிரகாசமாக இருந்த கணத்தில் வாசித்த வரிகள் வெளிச்சம், மங்கிய கணத்தில் வாசித்தவை கறுப்பு. அவ்வளவுதான் ரகசியம்.

அந்த 25 எங்கே ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

ஐபோனில் Settings > Camera > Record Video. அங்கே Show PAL Formats என்று ஒரு பொத்தான் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பிவிட்டால் பட்டியலில் 25 fps முளைக்கும்! பல வருடமாக ஐபோன் வைத்திருப்பவர்களும் இதைத் தொட்டதே இல்லை என்பதை நான் கல்யாண வீடுகளில் கண்டிருக்கிறேன். அதே பக்கத்தில் Auto FPS என்றும் ஒன்று உண்டு. வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே 24 fps-க்கு இறங்கும். வெளிச்சத்துக்கு நல்லதுதான், ஆனால் 100-ஐ 24-ஆல் வகுத்தால் மறுபடி மிச்சம்! நம் ஊருக்கு 25-தான் பொருத்தம்.

சாம்சங் வைத்திருக்கிறீர்களா? பல மாடல்களில் Pro Video என்ற முறை இருக்கும். அதில் SPEED என்பதைத் தொட்டு 1/50 வையுங்கள். 30 fps-இல் எடுத்தாலும் பரவாயில்லை! ஒவ்வொரு வரியும் 1/50 நொடி திறந்திருந்தால் சரியாக இரண்டு துடிப்பைக் குடித்துக்கொள்ளும். எல்லா வரியும் சமம், பட்டையே விழாது. ஆக, உண்மையில் பட்டையைத் தீர்மானிப்பது எத்தனை படம் என்பதல்ல, ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான். 1/50, 1/100 நல்ல எண்கள். 1/60 நம் ஊரில் வம்பு!

ஐபோனின் சொந்தக் கேமரா ஷட்டரை நம் கையில் தராது. 2023-இல் ஐபோனுக்கும் 2024-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி தரும். அதற்கு எவ்வளவு காசு தெரியுமா? இலவசம்!

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாமி மேடையைச் சுற்றி ஒட்டும் வண்ண எல்இடி பட்டி விளக்குகள் இந்தக் கணக்குக்கு அடங்காது. அவற்றைக் குறைத்து வைத்தால், உள்ளே இருக்கும் கருவி தன் இஷ்டத்துக்கு அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. எந்த எண்ணை வைத்தாலும் பட்டை வரலாம். முழுப் பிரகாசத்தில் எரியவிடுங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

உங்கள் கை நொடிக்குப் பத்து தடவை நடுங்குகிறது, தெரியுமா?

உங்கள் கை மட்டுமா? எல்லார் கையும்தான்! நல்ல ஆரோக்கியமான கைகூட நொடிக்கு 8 முதல் 12 தடவை நுணுக்கமாய் நடுங்கிக்கொண்டே இருக்கும். பத்து என்று வைத்துக்கொண்டால் ஒரு நடுக்கத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

வெயிலில் போனின் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் கை எங்கே நடுங்கப் போகிறது? ஆனால் இருட்டறையில் வெளிச்சம் பிடிக்க வேண்டுமே! 25 fps-இல் ஒவ்வொரு படமும் 1/25 நொடிவரை திறந்திருக்கலாம். ஒரு முழு நடுக்கத்தில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரே படத்துக்குள் பதிந்துவிடுகிறது! படம் ஆடுவது வேறு, படமே கலங்கிப்போவது வேறு. இருட்டில் நடப்பது இரண்டாவது!

போன் இரண்டு விதமாக நடுக்கத்தை அடக்கும் என்பது தெரியுமா? ஒன்று, லென்ஸையோ சென்சாரையோ நிஜமாகவே நகர்த்துவது. கை இடப்பக்கம் போனால் லென்ஸ் அதை ஈடுகட்டி நகரும்! போனில் இதை முதலில் கொண்டுவந்தது 2012-இல் வெளியான நோக்கியா லூமியா 920. 2020-இல் ஐபோன் 12 ப்ரோ மேக்ஸ் சென்சாரையே நகர்த்த ஆரம்பித்தது. எத்தனை தடவை தெரியுமா? நொடிக்கு 5,000 திருத்தம் என்கிறது ஆப்பிள்! நீங்கள் கண் இமைப்பதற்குள் ஆயிரத்தை நெருங்கிவிடும்.

இன்னொன்று வெறும் கணக்கு. போன் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சப் படத்தை நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்தி வைக்கும். பகலில் அற்புதம்! இருட்டில்? கலங்கிப்போன படத்தை எங்கே நகர்த்தினாலும் கலக்கம் போகுமா? சட்டகம் ஆடாமல் நிற்கும், உள்ளே முகம் மட்டும் தெளிந்து தெளிந்து மங்கும். அந்த விதிர்விதிர்ப்புதான் மாமா கண்ட பூகம்பம்!

அதிக நிலைப்பு கேட்டால் இருட்டு கூடும், தெரியுமா?

பிறந்தநாள் அன்று நான் செய்த முட்டாள்தனம் இதுதான். ஐபோன் 14 முதல் வந்த Action mode-ஐப் போட்டிருந்தேன். ஓடும் மனிதர் உருவம் போட்ட பொத்தான். ஓடுகிறவனையே ஆடாமல் எடுக்கும் என்றால் கேக் எம்மாத்திரம் என்று நினைத்தேன்! திரையில் More light required என்று எழுத்து வந்தது. கவனித்தேனா? குழந்தையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

அந்த முறை கணக்கு வித்தையை உச்சத்தில் நம்புகிறது. அதற்குக் கலங்காத படம் வேண்டும். கலங்காத படத்துக்குக் குறுகிய ஷட்டர் வேண்டும். குறுகிய ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். டியூப் லைட் ஹாலில் அதற்குச் சாப்பாடே கிடையாது! சாம்சங்கின் Super steady மட்டும் என்னவாம்? 2019-இல் கேலக்ஸி எஸ்10-இல் அது அகல லென்ஸ் வழியாகவே எடுத்தது.

அகல லென்ஸ் எவ்வளவு குறைவாக வெளிச்சம் குடிக்கும் தெரியுமா? மெயின் லென்ஸ் f/1.8, அகல லென்ஸ் f/2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறதா? வெளிச்சத்தில் 1.78 மடங்கு வித்தியாசம்! போதாததற்கு அதன் சென்சாரும் சிறியது, பல போன்களில் அதற்கு நகரும் லென்ஸும் கிடையாது.

ஆகவே இருட்டறையில் 1x-ஐ விட்டு அசையாதீர்கள். Action mode, Super steady இரண்டையும் அணையுங்கள். ஐபோனில் Enhanced Stabilization இருந்தால் அது இருக்கட்டும். படம் கொஞ்சம் நெருங்கி வரும், அவ்வளவுதான். 60 fps வேண்டவே வேண்டாம்! ஒவ்வொரு படமும் அதிகபட்சம் 1/60 நொடிதான் திறக்கும். வெளிச்சம் 30 fps-இல் கிடைப்பதில் பாதி, புள்ளிகள் அதிகம், போதாக்குறைக்கு அந்த வம்பு பிடித்த 1/60!

ஒற்றை மெழுகுவத்தி முன்னால் பாட்டி நிலவொளியில் நிற்கிறார், தெரியுமா?

இது கவிதை இல்லை, கணக்கு! ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய 1 லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. குழந்தையின் முகம் சுடரிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தது: 11 லக்ஸ். அத்தை மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மீட்டரில் நின்றார்: கால் லக்ஸ்! முழு நிலவின் வெளிச்சமும் அந்த அளவுதான். ஒரே படத்தில் பேரனுக்கும் பாட்டிக்கும் இடையே 44 மடங்கு வித்தியாசம்! நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போன் மேல் பரிதாபம் வரும்.

இந்த 44 மடங்கைத் தானியங்கிப் போன் எப்படிச் சமாளிக்கும்? சமாளிக்காது, தடுமாறும்! சுடர் அசைந்தால் படத்தைக் கறுக்க வைக்கும். குழந்தை குனிந்து சுடரை மறைத்தால் வெளுக்க வைக்கும். கூடவே இருட்டில் ஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தேடும். ஃபோகஸ் தேடும்போது படமே லேசாகப் பெருத்துச் சுருங்கும். அதையும் நாம் கை நடுக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்! போனை சிமெண்டில் பதித்து வைத்தாலும் இந்த நடுக்கம் போகாது.

இதற்கு மருந்து எங்கே? விரல் நுனியில்! திரையில் குழந்தையின் முகத்தின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மஞ்சளில் வரும். சாம்சங்கில் சின்னப் பூட்டு ஒன்று வரும். அந்தக் கணத்திலிருந்து வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டு! சுடர் ஆடட்டும், ஆள் குறுக்கே போகட்டும், போன் பதறாது. பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியையோ கோட்டையோ பிடித்து ஒரு சிட்டிகை கீழே இழுங்கள். இருட்டறையில் போன் எப்போதும் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். கீழே இழுத்தால் புள்ளிகளும் அடங்கும், சுடரும் வெள்ளைக் குமிழியாகப் பொங்காது.

பூட்டு போட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை! பூட்டியது தூரத்தையும் சேர்த்துத்தான். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பூட்டிவிட்டு நீங்கள் இரண்டு அடி கிட்டே போனால் முகம் மங்கிவிடும். திரையில் வேறு எங்காவது தெரியாமல் விரல் பட்டாலும் பூட்டு கழன்றுவிடும். மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். எப்போது பூட்டுகிறோம் என்பதும் முக்கியம்! டியூப் லைட் எரியும்போது பூட்டிவிட்டு லைட்டை அணைத்தால் படம் கும்மிருட்டு. அணைத்து, மெழுகுவத்தி மட்டும் எரியும்போது பூட்ட வேண்டும்.

நிறமும் இப்படி மாறுமே என்கிறீர்களா? Record Video பக்கத்திலேயே Lock White Balance இருக்கிறது. போட்டுவிடுங்கள், அடுத்ததுக்குப் போவோம்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் முழுக் காட்சிகளை எடுத்த படம் எது, தெரியுமா?

1975-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'பேரி லிண்டன்'! நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த லென்ஸை வாங்கிக் கேமராவில் பொருத்தினார். அதன் அளவு f/0.7! உங்கள் போனின் f/1.8-ஐவிட 6.6 மடங்கு வெளிச்சம் விழ வைக்கும் கண்ணாடி! அவருக்கும் ஒரு மெழுகுவத்தி போதவில்லை. கொத்துக் கொத்தாக ஏற்றினார். அப்புறம் நம் ஒற்றை மெழுகுவத்தி மட்டும் என்ன செய்யும்?

2015-இல் வந்த 'டேஞ்சரின்' படத்தை ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ் வைத்தே எடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கையிலும் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டித் தரும் ஒரு செயலிதான் இருந்தது!

கட்டக் கோடுகள் கை நடுக்கத்தைப் பிடிக்கும், தெரியுமா?

படத்தை மூன்றாகப் பிரிக்கும் விதியை 1797-இலேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் புத்தகத்தில் எழுதிவிட்டார். கேமரா பிறக்கவே இல்லாத காலம்! ஆனால் எனக்கு அந்த அழகுக் கணக்கு இங்கே முக்கியமில்லை. இருட்டில் கோடுகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

லென்ஸ் நகர்ந்து நடுக்கத்தைப் பிடிக்கும் என்றேன் அல்லவா? அது மேலும் கீழும் சாய்வதைப் பிடிக்கும், இடமும் வலமும் திரும்புவதைப் பிடிக்கும். ஸ்டீரிங் திருப்புவதுபோலப் போன் சுழன்று சாய்ந்தால்? லென்ஸால் ஒன்றும் செய்ய முடியாது! வட்டமான கண்ணாடி பக்கவாட்டில் நகர்ந்தால் சாய்ந்த படம் நிமிருமா? அந்தச் சாய்வைப் பிடிக்க உங்கள் கண்ணும் வேண்டும். கண்ணுக்கு ஒரு கோடு வேண்டும்.

ஐபோனில் Settings > Camera > Grid. சாம்சங்கில் கேமரா அமைப்புக்குள் Grid lines. போட்டதும் இரண்டு நெடுக்கோடும் இரண்டு குறுக்குக் கோடும் வரும். அத்தை வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு நிலை இருந்தது. இடப்பக்கக் கோட்டை அந்த நிலையின் மேல் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒரு நூல் சாய்ந்தாலும் கோட்டுக்கும் மரத்துக்கும் நடுவே கீற்று தெரியும். கை தானாகத் திருத்திக்கொள்ளும்! சுவரே தெரியாத இருட்டிலும் ஏதாவது ஒரு நேர்க்கோடு அகப்படும்: இரும்பு கிரில், மேசை விளிம்பு, அலமாரி. கோடுகள் வீடியோவில் பதிந்துவிடுமோ என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. பதியாது!

மோட்டார் சைக்கிள் உங்கள் கேமராவைக் கெடுக்கலாம், தெரியுமா?

LDP நெடுஞ்சாலையில் எத்தனை மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடியில் போன் பொருத்தியிருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? பெரிய எஞ்சின் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது! நீண்ட நாள் அதிர்வு, அந்த நகரும் லென்ஸின் நுணுக்கமான அமைப்பைத் தளர்த்திவிடலாம். சின்ன ஸ்கூட்டரில் ஆபத்து குறைவு என்றாலும் அதிர்வை உறிஞ்சும் தாங்கி வேண்டும் என்றது. காந்தம் வைத்த உறைகளும் தாங்கிகளும்கூட அந்த லென்ஸுக்குத் தொல்லை தரலாம்!

கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனை மேசையில் சாய்த்து ஆடாமல் வைத்து 1x-இல் எடுங்கள், பிறகு 0.5x-இல் எடுங்கள். 0.5x சும்மா நிற்க, 1x மட்டும் ஆகார்-ஆகார்போலத் துள்ளுகிறதா? லென்ஸ் அமைப்பில்தான் கோளாறு; எந்த செட்டிங்கும் உதவாது, பழுது பார்க்கக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மிச்சக் கேக்கில் மறுபடியும் பிறந்தநாள் கொண்டாடலாம், தெரியுமா?

நாங்கள் கொண்டாடினோம்! மறுநாள் இரவு, அதே ஹால், அதே மேசை, பிரிட்ஜிலிருந்து எடுத்த அரைக் கேக், பாதி எரிந்த அதே மெழுகுவத்தி. குழந்தைக்கு ஒரே குஷி, அவனுக்கு இது இரண்டாவது முதல் பிறந்தநாள்!

முதலில் லென்ஸைச் சட்டைத் துணியால் துடைத்தேன். முந்திய நாள் முறுக்கு எண்ணெய் அதில் அப்படியே இருந்தது. 1x, 25 fps, Action mode அணைத்தாயிற்று, கோடுகள் வந்தாயிற்று. ஹால் லைட்டை அணைத்தோம், ஆனால் சமையலறை லைட்டை எரியவிட்டுக் கதவைப் பாதி திறந்து வைத்தோம். அது அத்தையின் முதுகுக்குப் பின்னால் விழாமல் பக்கத்தில் விழும்படி அவரை இரண்டடி நகரச் சொன்னேன். கூடவே மேசையைச் சுற்றி வந்து பேரன் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். இரண்டு மீட்டர் அரை மீட்டராகக் குறைந்தது; மெழுகுவத்தி வெளிச்சம் அவர் முகத்தில் 16 மடங்கு கூடிவிட்டது! போனில் ஒரு பொத்தானைக்கூடத் தொடாமல்!

போனைக் கையில் பிடிக்கவில்லை. பெரிய மைலோ டின் ஒன்றை மேசையில் வைத்து, அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் போனின் கீழ் விளிம்பு. இரண்டு கையாலும் லேசாக அணைத்துக்கொண்டேன், முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. பேரன் முகத்தில் அழுத்திப் பிடித்தேன். AE/AF LOCK! சூரியனைக் கொஞ்சம் இறக்கினேன். கோட்டைக் கதவு நிலையில் ஒட்டினேன்.

முதல் தடவை எடுத்ததில் குழந்தை முன்னால் பாய்ந்து கேக்கைப் பிடித்துவிட்டான், ஃபோகஸிலிருந்து வெளியே போய்விட்டான். இரண்டாவது தடவை என் விரல் திரையில் பட்டுப் பூட்டு கழன்றது, படம் மறுபடி வெளுத்தது. மூன்றாவது தடவை மெழுகுவத்தி ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. மாமா குழந்தையின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். பாட்டு, ஊதல், கைதட்டு. பதினெட்டு நொடி!

ஓட்டிப் பார்த்தோம். பட்டை இல்லை. துள்ளல் இல்லை. சுடர் ஆடுகிறது, முகம் ஆடவில்லை. நிழல் பக்கம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. அந்த வெளிச்சத்துக்கு அது இல்லாமல் இருக்காது.

அத்தை போனைப் பிடுங்கித் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இப்பதான்டா நான் தெரியுறேன்! இப்படித் தெரியும்னு முன்னாலயே சொல்லியிருந்தா நேத்துக் கட்டுன பட்டுச் சேலையவே கட்டியிருப்பேனே. பாரு, நைட்டியோட நிக்கிறேன்!"